1,412 பேர் யார்?

நான் பகலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் கண் முகாம் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு டோக்கன் போட்டுக் கொடுப்பேன். எக்செல் தெரிந்தவன் என்பதால் நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் ஆண்டறிக்கையும் என் தலையில் விழுந்தது.

முந்தைய ஆண்டுகளில் அறிக்கை எழுதுவது அரைமணி நேர வேலை. பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணைப் பார்ப்பேன், "இவ்வாண்டு இத்தனை பேர் பயனடைந்தனர்" என்று எழுதுவேன், நான்கு படம் ஒட்டுவேன், முடிந்தது. 2023-24-க்கும் அப்படித்தான் ஒரு வரைவு தயாரித்தேன். 1,412 பேர் பயனடைந்தனர். அதை எங்களுக்குத் தொடர்ந்து பணம் தரும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் நினைவாக ஆண்டுதோறும் தருகிறார். அவர் படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த 1,412 பேர் யாரு? பயன்னா என்ன பயன்?"

குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை. லெட்ஜரைப் பார்த்துப் பழகியவர், அவ்வளவுதான். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

அந்த ஏப்ரல் மாதம் முழுக்க மூன்று விதப் பதிவுகளோடு உட்கார்ந்தேன். முதலாவது, முகாம் பதிவேடு. டோக்கன் எண், பெயர், த/பெ அல்லது க/பெ, வயது, ஊர், போன், ஆணா பெண்ணா, என்ன சொல்லி அனுப்பினார்கள் என்ற ஒரு குறிப்பு. இரண்டாவது, அறுவை சிகிச்சை செய்து தரும் மருத்துவமனை ஒவ்வொரு மாதமும் அனுப்பும் பட்டியல். மூன்றாவது, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்களின் அட்டை நகல். மூன்றிலும் ஒரு வரி என்பது ஒரே பொருள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முகாம் பதிவேட்டில் ஒரு வரி என்பது ஒரு வருகை. மருத்துவமனைப் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு கண். ஆள் என்று ஒரு வரி எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் அறிக்கையில் மட்டும் எப்போதும் "பேர்" என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதல் வேலை, வருகையிலிருந்து ஆளைப் பிரிப்பது. சர்க்கரை அதிகம், குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த முகாமுக்கு வந்து புது டோக்கன் வாங்கியிருப்பார். கண்ணாடி வாங்க வந்தவருக்கும் புது டோக்கன்தான். இவர்களைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா? ஒரே பாட்டி ஜூனில் லட்சுமி, ஆகஸ்டில் லெட்சுமி, அக்டோபரில் இலட்சுமி. எழுதிய தன்னார்வலர் மாறினால் எழுத்தும் மாறும். ஒரு முகாமில் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார்கள், இன்னொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்தை. வயதோ எல்லோருக்கும் 60, 65, 70. போன் எண் நம்பகமானது என்று பார்த்தால், அது மகனுடையது. அதே எண்ணில் தாத்தாவும் பாட்டியும் பக்கத்து வீட்டு அத்தையும் பதிவாகியிருப்பார்கள்.

கடைசியில் பெயரை விட்டுவிட்டு, ஊரையும் போனையும் ஆணா பெண்ணா என்பதையும் ஒட்டி ஒரு சாவி செய்தேன். E ஊர், F போன், G பால்.

```
=TRIM(E2)&"|"&TRIM(F2)&"|"&TRIM(G2)
=COUNTIF($K$2:$K$1413,K2)
```

முதல் வரி K பத்தியில் சாவியை ஒட்டும், இரண்டாவது L பத்தியில் அதே சாவி எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். TRIM இல்லாவிட்டால், ஊர்ப் பெயருக்குப் பின்னால் யாரோ தட்டிய ஒரு வெற்றிடம் போதும், எக்செலுக்கு அது வேறு ஊர். இரண்டும் அதற்கு மேலும் வந்த வரிகளை மட்டும் வடிகட்டி, கண்ணால் பார்த்து முடிவு செய்தேன். சூத்திரம் சந்தேகப்படும், ஆனால் தீர்ப்பு சொல்லாது. ஒரே எண், ஒரே ஊர், இரண்டு பெண்கள், வயது 45-உம் 70-உம் என்றால் மருமகளும் மாமியாரும். வயது 65-உம் 68-உம், பெயர் மாரியாயி, மாரியம்மாள் என்றால் பெரும்பாலும் ஒருவரே. போன் இல்லாதவர்களை இந்தச் சாவி ஊருக்கு ஒரு கும்பலாகச் சேர்த்துவிடும், எண் மாற்றியவர்களைப் பிடிக்காது. அவர்களை ஊர்வாரியாக அடுக்கி, அந்தந்த ஊர்த் தன்னார்வலரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "அது எங்க சின்னப் பாட்டிதான், ரெண்டு தடவ வந்துச்சு" என்று அவர்கள் சொன்னதற்கு ஈடான சூத்திரம் எதுவும் இல்லை.

1,412 வரிகள், 1,263 ஆட்கள். அவர்களில் 402 பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்திருந்தோம். 231 பேருக்குக் கண்புரை என்று அறுவைக்குப் பரிந்துரை. மீதி 630 பேருக்குச் சொட்டு மருந்து, அல்லது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற பதில். ஒன்றுமில்லை என்று தெரிவதும் பயன்தான் என்று எங்கள் செயலாளர் வாதிட்டார். இருக்கலாம். ஆனால் அதையும் கண் திறந்ததையும் ஒரே எண்ணில் கூட்டக் கூடாது என்பது என் கட்சி.

மருத்துவமனைப் பட்டியலில் 187 அறுவை சிகிச்சைகள் இருந்தன. 16 பேருக்கு ஆண்டுக்குள்ளேயே இரண்டு கண்ணும் முடிந்திருந்ததால் ஆட்கள் 171. மருத்துவமனைக்கு நாங்கள் பஸ்ஸில் அனுப்பியவர்கள் பட்டியலில் 163 பேர்தான். எட்டுப் பேர் இடிக்கிறதே என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். பரிந்துரைச் சீட்டை வைத்துக்கொண்டு மகனோடு பைக்கில் தாமாகவே போனவர்கள் அவர்கள். இரண்டு பட்டியல் ஒத்துப்போகாதபோது பெரிய எண்ணை எடுத்து எழுதிவிடும் ஆசை வரும். இந்த முறை பெரிய எண்ணே சரியாக இருந்தது, ஆனால் அது தற்செயல்.

231-இல் 171 போக 60 பேர். பரிந்துரை வாங்கியும் அறுவை நடக்காதவர்கள். முந்தைய அறிக்கைகளில் இப்படி ஒரு எண்ணே கிடையாது, ஏனென்றால் யாரும் கழித்துப் பார்த்ததில்லை. பதிவேட்டுக் குறிப்புகளையும் தன்னார்வலர்களின் நினைவையும் வைத்துக் காரணம் பிரித்தேன். 19 பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இறங்கவில்லை. 14 பேருக்குக் கூட வந்து தங்க ஆள் இல்லை. 11 பேர் பயந்துவிட்டார்கள். ஏழு பேருக்கு அறுப்பு, கல்யாணம், வேலை. ஒன்பது பேருக்குக் காரணம் தெரியவில்லை. அந்த ஒன்பதை "இதர" என்று போடாமல் "தெரியவில்லை" என்றே போட்டேன். "இதர" என்றால் தெரிந்து ஒதுக்கியது போல ஒரு பாவனை வந்துவிடும்.

இனி அறுவை செய்த கண்களுக்கு என்ன ஆயிற்று என்பது. இங்கேதான் ஒரு வேடிக்கை. பார்வையை 6/6, 6/12, 6/18, 6/60 என்று எழுதுவார்கள். 6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் நின்றால்தான் படிக்கிறார் என்று பொருள். இதை எக்செலில் தட்டினால் அது தேதி என்று நினைத்துக்கொள்ளும். நம் ஊர் அமைப்பில் 6/12 டிசம்பர் 6 ஆகிவிடும். 18-வது மாதம் கிடையாது என்பதால் 6/18 ஜூன் 2018 ஆகும். தட்டச்சு செய்து தந்த தம்பியின் கோப்பில் பார்வைப் பத்தி முழுக்க 06-Dec, Jun-18, Jun-36 என்று காலண்டராக இருந்தது. நல்லவேளையாகத் திருப்பி ஊகிக்க முடிந்தது, ஆனாலும் நம்பாமல் 142 அட்டைகளையும் கையால் மறுபடி ஒப்பிட்டேன். தட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை Text என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பின்னால் மாற்றினால் ஐந்து இலக்க எண்ணாக நிற்கும், இன்னும் மோசம்.

142 அட்டைகள் என்றேன். 187 கண்களில் ஒரு மாத மறுபரிசோதனைக்கு வந்தவை அவ்வளவுதான். (மார்ச் கடைசியில் அறுவை ஆனவர்களுக்கு மறுபரிசோதனை ஏப்ரல் கடைசியில்தான் வரும். அதனால் அறிக்கையை மே பாதிக்குத் தள்ளினேன். ஏப்ரல் முதல் வாரத்தில் மூடியிருந்தால் அவர்கள் எல்லோரும் "வரவில்லை" கணக்கில் விழுந்திருப்பார்கள்.) 142-இல் 6/18 அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தவை 121. அதற்கும் 6/60-க்கும் இடைப்பட்டவை 16. 6/60-க்கும் கீழே 5. சதவீதம் போட்டால் 85. உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு, கையில் இருக்கும் கண்ணாடியோடு 80 சதவீதமாவது 6/18-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 6/60-க்குக் கீழே 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது. நாங்கள் தேறிவிட்டோம். செயலாளர் முகம் மலர்ந்தது. "85 சதவீத வெற்றி" என்று அட்டையிலேயே போடலாம் என்றார்.

எனக்கு அந்த 45 கண்கள் உறுத்தின. வராதவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிறது என்று வைத்தால் 187-இல் 166, அதாவது 89 சதவீதம். ஒருவருக்கும் தெரியவில்லை என்று வைத்தால் 121 மட்டும், 65 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. 85 என்று எழுதினால், வந்தவர்களும் வராதவர்களும் ஒன்றுதான் என்று நான் சொல்லாமல் சொல்வதாகும். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. செயலாளருக்கோ வேறு கணக்கு: நன்றாகத் தெரிகிறவர்கள்தான் வரமாட்டார்கள், குறை இருந்தால்தானே வருவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று நானும் செவிலியர் பயிற்சி முடித்த எங்கள் தன்னார்வலர் ஒருவரும் கிளம்பினோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு டிவிஎஸ் வண்டி, ஒரு E அட்டை, 6 மீட்டர் அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. E-யின் கால்கள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும், எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டுக்குள்ளும் 6 மீட்டர் நேர்க்கோடு கிடைக்காது. தெருவில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, மறு கண்ணைக் கையால் மூடி, சுற்றிலும் கூட்டம் கூடி, "பாட்டி, மேல காட்டு" என்று பேரன்கள் விடை சொல்லிக்கொடுக்க, அவர்களை விரட்டிவிட்டு, அட்டையைத் திருப்பி மறுபடி கேட்டு எழுதினோம்.

28 கண்களைப் பார்க்க முடிந்தது. 17 நன்றாக இருந்தன. எட்டு நடுத்தரம். மூன்று 6/60-க்கும் கீழே. அதாவது வந்தவர்களிடம் 85 என்று இருந்த எண் வராதவர்களிடம் 61. செயலாளரின் கணக்கு பாதி சரி: நன்றாகத் தெரிந்தவர்கள் பலரும் "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு வரணும்" என்றார்கள். ஆனால் தெரியாதவர்களும் வரவில்லை. ஒரு தாத்தா சொன்னார்: "வந்தா மறுபடி வெட்டுவாங்க." இன்னொரு பெண், மருமகளிடம் மறுபடியும் ஒரு நாள் கூலியை விடச் சொல்லிக் கேட்கச் சங்கடப்பட்டாராம். குறை இருந்தால் வந்து சொல்வார்கள் என்பது கேட்டுப் பழகியவர்களுக்குப் பொருந்தும். இலவசமாகச் செய்துகொண்ட ஒன்றில் குறை சொல்ல எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு நாக்கு வராது.

இரண்டையும் சேர்த்தால் அளந்த கண்கள் 170. நன்று 138, நடுத்தரம் 24, மோசம் 8. சதவீதம் 81. அளக்காத 17-இல் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், ஐந்து பேர் பிள்ளைகளோடு திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள், ஒன்பது பேர் எந்த முயற்சியிலும் கிடைக்கவில்லை. இப்போது அந்தப் பழைய இரட்டைக் கணக்கைப் போட்டால், மிக மோசமாக 74, மிக நன்றாக 83. ஐந்து ஞாயிறும் பெட்ரோலும் செலவழித்து 65-க்கும் 89-க்கும் இடையே இருந்த அகலத்தை இவ்வளவாகச் சுருக்கியிருந்தோம்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று. நடுத்தரம் என்று வந்த 24 கண்களில், ஊசித்துளை போட்ட அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னபோது 15 கண்களுக்குப் பார்வை கூடியது. துளை வழியாகப் பார்த்தால் தெளிவாகிறது என்றால் கோளாறு கண்ணாடியால் தீரக்கூடியது என்று அர்த்தம். அறுவை முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கண்ணாடி வாங்க வராதவர்கள் இவர்கள். மோசமான எட்டின் பழைய கேஸ் ஷீட்டுகளை மருத்துவமனையில் எடுத்துப் பார்த்தோம். நான்கில் விழித்திரை கெட்டிருந்தது அல்லது கண் அழுத்த நோய் இருந்தது என்று அறுவைக்கு முன்பே எழுதியிருந்தார்கள். இரண்டில் அறுவைக்குப் பிறகு லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருந்தது, அதை லேசரில் சரிசெய்யலாம். மீதி இரண்டைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அனுப்பி வைத்தோம்.

அறிக்கை ஒரே பக்கத்தில் முடிந்தது. முதல் பத்தியில் 1,412 வருகை, 1,263 ஆள், 231 பரிந்துரை, 171 பேருக்கு 187 கண்ணில் அறுவை. இரண்டாம் பத்தியில்: "ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்து 170 கண்களை அளந்தோம். இதே 170 கண்களில் அறுவைக்கு முன் 133 கண்கள் 6/60-க்கும் கீழே இருந்தன. இப்போது 8." இதே 170 என்ற சொல்லுக்காகச் சண்டை போட்டேன். முன் கணக்கு 187-க்கும் பின் கணக்கு 170-க்கும் போட்டால், காணாமல்போன கண்கள் எல்லாம் குணமானது போலத் தோன்றும். மூன்றாவது பத்தியில் 17 கண்களை அளக்கவில்லை, ஏன் என்பது. நான்காவதில் 60 பேரும் காரணங்களும். 402 கண்ணாடிகளைப் பற்றி "கொடுத்தோம், அணிகிறார்களா என்று பார்க்கவில்லை" என்று ஒரே வரி. கூசியது, ஆனால் வேறு எழுத வழியில்லை.

ஊர்வாரிப் பட்டியல் போட்டு எடுத்துவிட்டேன். ஒரு குக்கிராமத்தில் ஒரே ஒருவருக்கு அறுவை, மோசம் 1 என்று இருந்தால் அது யார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகத்தோடும் பெயரோடும் படம் போடும் வழக்கத்தையும் நிறுத்தினோம். பச்சைக் கட்டுப் போட்ட பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்துக்குத்தான் பணம் வருகிறது என்று பொருளாளருக்கு இன்றும் வருத்தம்.

வங்கிப் பெரியவர் படித்துவிட்டுப் போன் செய்தார். 81 சதவீதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கூட ஆள் இல்லாம 14 பேர் திரும்பிட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்றார். மகளிர் குழுவிலிருந்து ஒரு அம்மாவை இரண்டு நாள் தங்கி எல்லோரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கூலியும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரு வருடக் கூலியை அனுப்பி வைத்தார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு அந்த 14 பேர் வீட்டுக்கும் போனோம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி, ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம், நீங்கள் தனியாக இருக்க வேண்டாம் என்று விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு எதுக்குய்யா ஆளு? நான் தனியாப் போயிருவேன். ரெண்டு நாளு இந்த ஆட்டப் பாத்துக்க ஆளு இல்லன்னுதான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார். வண்டியில் சாய்ந்து நின்றபடியே 14-ஐ அடித்து 13 என்று எழுதினேன். ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டினோம்.